டோடோவுக்குத் தலைப்பாகை கட்டினால் புது டோடோ ஆகிவிடுமா? ஓவியப் போட்டி நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நடுவர் குழுவில் இருக்கும் ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் சிறுவர் இதழுக்கு ஒரு டோடோ பறவைக் கதாபாத்திரம் வேண்டும் என்று நீங்கள் நடத்திய போட்டியின் முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் நம் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவன், பகலில் அச்சகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பவன். கண்காட்சியில் எல்லாப் படங்களையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் பரிசு பெற்ற 12ஆம் எண் படம் வேறொருவர் வரைந்த டோடோவின் மறுவரைவு. "கடையில் விற்கும் டோடோவைப் பார்த்து எழுதியது" என்று நீங்கள் தள்ளிய 7ஆம் எண் படம் சொந்தக் கற்பனை. இரண்டும் தலைகீழாக நடந்திருக்கிறது. அது எப்படி நடந்தது, எதைப் பார்த்திருந்தால் நடந்திருக்காது என்பதைப் பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த வருடமும் இந்தப் போட்டி வரும், நம் பிள்ளைகள் மறுபடியும் படம் அனுப்புவார்கள்.

கண்காட்சியில் நீங்கள் விளக்கிச் சொன்ன முறை நிழலுருவச் சோதனை. படத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு, வெளிக்கோட்டை மட்டும் வைத்து யார் என்று அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பது. நல்ல சோதனைதான், கார்ட்டூன் வேலை கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லித்தருவதும் இதைத்தான். ஆனால் அந்தச் சோதனை சொல்வது ஒரு கதாபாத்திரம் கூட்டத்தில் தனியாகத் தெரியுமா என்பதை. அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. 7ஆம் எண்ணைக் கறுப்பாக்கினால் ஒரு டோடோ தெரிகிறது: குண்டு உடல், கொக்கி அலகு, சுருள் வால். கடையில் விற்கும் பையில் அச்சாகியிருக்கும் டோடோவைக் கறுப்பாக்கினாலும் அதுவே தெரிகிறது. 12ஆம் எண்ணைக் கறுப்பாக்கினால் தலையில் பெரிய தலைப்பாகை, கையில் கோல், இடுப்பில் வேட்டி விரிப்பு, அதனால் வேறு மாதிரித் தெரிகிறது. நீங்கள் ஒன்றைத் தள்ளி ஒன்றைத் தூக்கியது இதனால்தான். தலைப்பாகையையும் கோலையும் எடுத்துவிட்டு ஒருமுறை பார்த்திருந்தால் அப்போதே வேறு கதையாகியிருக்கும்.

டோடோ என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் நிழலுருவம் ஒன்றுபோலத்தான் வரும், அதற்குப் பிள்ளைகள் காரணமில்லை. இந்தப் பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய்விட்டது, உயிரோடு பார்த்து வரைய வழியில்லை. இன்று உலகம் முழுக்க டோடோ என்றதும் மனத்தில் வருகிற குண்டுப் பறவை பெரும்பாலும் ஒரே ஓவியத்திலிருந்து இறங்கி வந்தது. ரோலண்ட் சாவெரி என்ற ஓவியர் 1626ஆம் ஆண்டு வாக்கில் வரைந்தது அது, ஒரு காலத்தில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவரிடம் இருந்ததால் எட்வர்ட்ஸ் டோடோ என்று பேர், இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம், சாவிக்கொத்து, டீ-ஷர்ட், மரப்பொம்மை என்று எல்லாவற்றிலும் அதன் சாயல். ஆகவே நம் பிள்ளை ஒன்று குண்டாக, கொக்கி அலகோடு, வாலில் சுருள் இறகோடு டோடோ வரைந்தால் அவள் கடையைப் பார்த்து எழுதினாள் என்று ஆகாது. கடைக்காரரும் அவளும் ஒரே பொதுச்சொத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதே காலத்தில் வரைந்த இன்னொரு டோடோவும் இருக்கிறது. முகலாய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகச் சொல்லப்படுவது, 1625 வாக்கில், இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அந்த டோடோ அவ்வளவு குண்டில்லை, பழுப்பாக, நிமிர்ந்து, சுற்றிலும் வேறு பறவைகள் நிற்க நடுவில் நிற்கிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொக்கி அலகு இரண்டிலும் உண்டு, ஏனென்றால் பறவைக்கு அது இருந்தது. உடலின் எடை, கழுத்து நிற்கும் விதம், இறகை அடுக்கிய விதம் எல்லாம் வேறு, ஏனென்றால் அவையெல்லாம் வரைந்தவரின் முடிவு. ஒரு படத்தைப் பார்க்கும்போது பறவை கொடுத்தது எது, ஓவியர் கொடுத்தது எது என்று பிரிக்க வேண்டும். முதலாவது ஒத்துப்போனால் அதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது ஒத்துப்போனால்தான் கேள்வி எழுகிறது. பதிப்புரிமைச் சட்டங்களும் பொதுவாக இந்தக் கோட்டில்தான் நிற்கின்றன: டோடோவைக் கதாபாத்திரமாக்கலாம் என்கிற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, ஒருவர் வரைந்த குறிப்பிட்ட டோடோ அவருக்குச் சொந்தம்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தே குழம்புகிறது. சாவெரியின் ஓவியம் ஏறத்தாழ 400 வருடம் பழையது, அதைப் பார்த்து வரைய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அனுமதி வேண்டாம் என்பதால் அது உங்கள் சொந்த வடிவமாகிவிடாது. சாவெரியின் டோடோவை அப்படியே வரைந்து கண்ணாடி மாட்டிவிட்டவர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் அவர் புதிதாக வடிவமைத்தது கண்ணாடியை மட்டுந்தான். போட்டி விதியில் "சொந்தக் கற்பனை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அனுமதியைப் பற்றிய விதி இல்லை, வடிவமைப்பைப் பற்றிய விதி.

சரி, 12ஆம் எண்ணுக்கு வருகிறேன். இதற்கு மூலம் என்று நான் சொல்கிற படம் போர்ட் லூயி சந்தையில் தொங்கும் பிள்ளைகள் பையில் அச்சாகியிருக்கிறது, படங்களைக் காசுக்கு விற்கும் ஒரு தளத்திலும் இருக்கிறது. கழுத்தில் சிவப்புத் துண்டு சுற்றிய டோடோ, ஒரு இறக்கையைத் தூக்கிக் கையசைக்கிறது, முகம் இடப்பக்கம் பார்க்கிறது. 12ஆம் எண் டோடோவின் முகம் வலப்பக்கம் பார்க்கிறது, துண்டு இல்லை, தூக்கிய இறக்கையில் கோல். சும்மா பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் தோன்றும்.

இந்த மாதிரி இடத்தில் கண்ணை நம்பக் கூடாது, படத்தின் மேல் படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். லேயர் வசதி உள்ள எந்த மென்பொருளும் போதும், கிரிட்டா இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் ஒரு படத்தை இடவலமாகத் திருப்புங்கள். மறுவரைவு செய்கிறவர்கள் முதலில் செய்வது இந்தத் திருப்பலைத்தான். மேல் லேயரைப் பாதி தெரிகிற மாதிரி, ஐம்பது சதவீதத்துக்கு, மங்கலாக்குங்கள். பிறகு இரண்டே புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக கண்ணின் நடுவும் அலகின் நுனியும். அந்த இரண்டும் பொருந்தும்வரை மேல் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, சாய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக இழுக்காதீர்கள், இழுத்தால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம். இப்போது பார்க்க வேண்டியது நீங்கள் பிடிக்காத புள்ளிகளை: வால் சுருளின் உச்சி, இறக்கை மடங்குகிற இடம், கால் நகம், வயிற்றின் மிகப் பெருத்த இடம். பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்த படத்தில் இவை அங்கங்கே விலகும், விலகலும் ஒழுங்கில்லாமல் இருக்கும். மேலே தாளை வைத்து எழுதியதில் ஒரு நீளக் கோடு முழுக்க அப்படியே படியும், எங்காவது மாற்றியிருந்தால் அந்தத் துண்டு மொத்தமாக நகர்ந்திருக்கும்.

நான் எடுத்த புகைப்படத்தில் 12ஆம் எண்ணை இப்படிச் செய்து பார்த்தேன். வால் சுருள் மூன்று வளைவோடும் அப்படியே படிகிறது. முதுகுக் கோடு கழுத்திலிருந்து வால்வரை படிகிறது. தூக்கிய இறக்கை மட்டும் சற்று மேலே, ஆனால் வடிவம் மாறாமல், மொத்தமாகத் திருகி வைத்த மாதிரி. வயிறு படியவில்லை, அதை வேட்டி மறைத்துவிட்டது.

இதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கோடு படிந்தால் இரண்டும் ஒரே உருவத்திலிருந்து வந்தவை என்று தெரியும், ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று தெரியாது. இரண்டு பேருமே சாவெரியை வைத்து எழுதியிருக்கலாம். இலவச அடிப்படை உருவம் என்று சிலர் போட்டுவைக்கிறார்களே, பேஸ் என்பார்கள், அதை இருவரும் எடுத்திருக்கலாம். அதனால் மூன்றாவதாக எட்வர்ட்ஸ் டோடோவையும் அடியில் வைத்துப் பார்த்தேன். அது இரண்டோடும் படியவில்லை, நிற்கும் விதமே வேறு. அப்புறம்தான் பிழைகளைத் தேடினேன்.

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்களே, அந்த வேலையில் சரியான பாடம் பல சுவடிகளில் ஒன்றாக இருந்தால் அது அவற்றின் உறவைச் சொல்லாது, ஆனால் ஒரே விசித்திரமான பிழை இரண்டு சுவடியில் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் ஒரே தாய்ச்சுவடி என்று தெரிந்துவிடும். படத்திலும் அப்படியே.

12ஆம் எண் டோடோவின் மார்புக்குக் குறுக்கே, கழுத்துக்குக் கீழே, ஒரு சின்ன வளைகோடு இருக்கிறது. அருகில் போய்ப் பாருங்கள், அது இறகு இல்லை, தோல் மடிப்பு இல்லை, நிழலும் இல்லை, எதற்கும் சேராத கோடு. மூலப் படத்தைத் திருப்பி மேலே வைத்தால் அந்தக் கோடு சிவப்புத் துண்டின் கீழ் விளிம்பில் போய் உட்காருகிறது. துண்டை எடுத்தவர் அந்த விளிம்பை விட்டுவிட்டார். அதோடு, துண்டு மறைத்திருந்த இடத்தில்தான் இறக்கை உடலோடு சேர வேண்டும். மூலத்தில் அந்த இடம் தெரியாது, 12ஆம் எண்ணில் துண்டு இல்லாததால் தெரிந்தாக வேண்டும், ஆனால் அங்கே இறக்கை எதிலிருந்தும் முளைக்கவில்லை, வெறும் வெளியில் தொடங்குகிறது. தோள் எங்கே என்று வரைந்தவருக்குத் தெரியவில்லை. சொந்தமாக ஒரு உருவத்தைக் கட்டியவருக்குத் துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். மேற்பரப்பை மட்டும் எடுத்தவருக்குத் தெரியாது.

வெளிச்சத்தையும் பாருங்கள். மூலத்தில் வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து விழுகிறது. திருப்பினால் வலப்பக்கமாகிவிடும். 12ஆம் எண்ணில் உடலின் மினுமினுப்பு வலப்பக்கம். புதிதாகச் சேர்த்த தலைப்பாகையிலும் வேட்டியிலும் மினுமினுப்பு இடப்பக்கம். ஒரே உருவத்துக்கு இரண்டு திசையில் சூரியன். நாமெல்லாம் பழக்கத்தில் இடப்பக்கத்திலிருந்தே வெளிச்சம் போடுகிறவர்கள்தான், அந்தப் பழக்கம் சேர்த்த பாகத்தில் வெளியே வந்துவிட்டது.

கால் விரலும் ஒத்துப்போகிறது. டோடோவுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்று நான்கு விரல். மூலத்திலும் 12ஆம் எண்ணிலும் முன்னால் இரண்டு மட்டும். ஆனால் இதை நான் பெரிய சாட்சியாக எடுக்க மாட்டேன், விரலைக் குறைப்பது கார்ட்டூனில் எல்லாரும் செய்வது, தற்செயலாக ஒத்துப்போகலாம். மார்பில் கிடக்கிற அந்தக் கோடு தற்செயலாக வராது. ஒத்துப்போகிற விஷயங்களை எண்ணாதீர்கள், எது தானாக வர வாய்ப்பே இல்லையோ அதற்கு எடை கொடுங்கள்.

இனி 7ஆம் எண். அதை வரைந்தது பதின்மூன்று வயதுப் பெண். அதே முறையில் அவள் டோடோவைக் கடைப் பை டோடோவின் மேல் வைத்தேன், கண்ணும் அலகு நுனியும் பொருந்தியதும் மற்றதெல்லாம் சிதறிவிட்டது. வால் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், இறக்கை ரொம்பக் கீழே. ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது, கோட்டில் இல்லை. சந்தையில் தொங்கும் வேறு டோடோக்களோடும் வைத்துப் பார்த்தேன், எதோடும் படியவில்லை.

அதைவிட முக்கியமாக, அவள் படத்தில் யாரும் அவளை எடுக்கச் சொல்லாத முடிவுகள் இருக்கின்றன. கழுத்தைச் சுற்றி நீள நீளமாகத் தொங்கும் இறகுகள், கரும்பச்சையும் செம்பும் கலந்த மினுக்கம். நீங்கள் அதைச் சால்வை என்று நினைத்திருப்பீர்கள் போலிருக்கிறது, குறிப்பில் "உடை சாதாரணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உடை இல்லை. டோடோ புறா இனம், இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று 2002இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நிக்கோபார் புறாவுக்குக் கழுத்தில் அப்படித்தான் இறகு தொங்கும். டோடோவுக்கு அது இருந்ததாக யாரும் சொல்லவில்லை, அந்தப் பெண் சொந்தக்காரப் பறவையிடமிருந்து எடுத்து டோடோவுக்குக் கொடுத்திருக்கிறாள். கடையில் விற்கும் டோடோ ஒன்றிலும் நான் அதைப் பார்த்ததில்லை. இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு முடிச்சு கூடும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். சிறுவர் இதழுக்கான கதாபாத்திரம் என்ற உங்கள் தேவையைப் படித்துவிட்டுச் செய்த வேலை இது.

அவள் அம்மாவின் அனுமதியோடு நோட்டுப் புத்தகத்தையும் பார்த்தேன். முதல் பக்கங்களில் அலகு முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, அப்புறம் குறைகிறது, ஒரு பக்கத்தில் அலகே பிடிக்காமல் முழுக்க அடித்திருக்கிறாள். கழுத்து இறகு நடுவில்தான் வருகிறது, முதலில் சின்னதாக, பிறகு முழங்கால்வரை நீண்டு, பிறகு மறுபடியும் குட்டையாகி. கடைசியில் பின்பக்கத் தோற்றம் இருக்கிறது, கயிறு முதுகில் எப்படிக் கட்டியிருக்கிறது என்றுகூட. சொந்தமாகத் தேடிய உருவத்துக்குப் பின்னால் இப்படிக் கைவிட்ட உருவங்கள் கிடக்கும். மறுவரைவில் முதல் கோட்டிலேயே உருவம் முடிந்துவிட்டிருக்கும், பிறகு நடப்பதெல்லாம் அலங்காரம்.

ஆனால் நோட்டுப் புத்தகம் இல்லாத பிள்ளை திருடியதாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரே தாளில் அழித்து அழித்து வரைகிறவர்கள் உண்டு. டேப்லெட்டில் வரைகிறவர்களிடம் லேயரோடு கூடிய கோப்பையும், பதிவு இருந்தால் வரைந்த காணொளியையும் கேட்கலாம். ஆனால் லேயர் இருப்பதாலேயே சொந்தம் என்று ஆகாது, மேலே வைத்து எழுதியதும் லேயரில்தான் நடக்கும். கேட்க வேண்டியது இன்னொரு தோற்றம். "இதே பறவை உட்கார்ந்திருந்தால் எப்படி, முதுகைக் காட்டினால் எப்படி, உங்கள் முன்னால் இருபது நிமிஷத்தில் பென்சிலால் போட்டுக் காட்டுங்கள்." அழகாக வர வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அளவுகள் தவறும், அலகு பெரிதாகும், அது குற்றமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கையின் பழக்கத்தை இல்லை, அந்த உருவத்தைப் பற்றிய பதில் அவர்களிடம் இருக்கிறதா என்பதை. கயிறு பின்னால் எங்கே போகிறது, இறக்கை எங்கே சேர்கிறது என்று கேட்டால் வடிவமைத்தவர் யோசிக்காமல் சொல்வார், அல்லது உட்கார்ந்து யோசித்துப் புதிதாகச் சொல்வார், இரண்டுமே சரிதான்.

"நாங்கள் இணையத்தில் தேடினோம், 12ஆம் எண் எங்கும் இல்லை" என்று உங்களில் ஒருவர் சொன்னார். தேடியிருப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் படத்தைக் கொடுத்துப் படத்தைத் தேடும் டின்ஐ மாதிரித் தளங்கள் அதே படத்தின் பிரதியை, வெட்டியதை, நிறம் மாற்றியதைக் கண்டுபிடிப்பதற்கு. கையால் புதிதாக வரைந்ததன் மூலத்தை அவை பெரும்பாலும் பிடிக்காது. கூகுள் லென்ஸ் சாயல் உள்ளவற்றைக் காட்டும், அதனால் தலைப்பாகை கட்டிய கார்ட்டூன் பறவைகளாகக் கொண்டுவந்து கொட்டும், நாம் தேடுகிற துண்டு கட்டிய டோடோ அதில் வராது. தலைப்பாகையையும் கோலையும் வெட்டிவிட்டு உடலை மட்டும், திருப்பியும் திருப்பாமலும் தேடியிருக்க வேண்டும். நான் அப்படித்தான் தேடினேன். கிடைக்கவில்லை என்றாலும் அது சான்றிதழ் ஆகாது. கிடைத்தால், பக்கத்தில் போட்டிருக்கும் தேதி பதிவேற்றிய தேதி மட்டுந்தான், வரைந்த தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் படத்தை இன்னொருவர் முந்திப் பதிவேற்றுவது தினமும் நடக்கிறது.

நீங்கள் தள்ளிய வேறு இரண்டு படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கும் "திருட்டு" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டீர்கள்.

3ஆம் எண், போக்கிமானில் வரும் பிக்காச்சு ஒரு டோடோவின் முதுகில் உட்கார்ந்து சவாரி போகிறது, வேட்டி கட்டியிருக்கிறது. கீழே பையன் தன் கையாலேயே "பிக்காச்சு என்னுடையது இல்லை, எனக்குப் பிடிக்கும்" என்று எழுதியிருக்கிறான். இதற்குப் பேர் ரசிகர் ஓவியம். கூர்காதின் கறுப்பு நுனி, மின்னல் வால், சிவப்புக் கன்னம் எல்லாம் வேண்டுமென்றேதான் அப்படியே இருக்கின்றன, அது யார் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அந்தக் கதாபாத்திரத்தை வடிவமைத்தவர் அட்சுகோ நிஷிடா, அதை அவன் மறைக்கவும் இல்லை, தனதென்று சொல்லவும் இல்லை. போட்டி சொந்தக் கதாபாத்திரத்துக்கானது, அதனால் பரிசுக்கு எடுக்க முடியாது, இதழில் அச்சிடவும் உரிமை கிடையாது, அது நியாயமே. ஆனால் "பிரிவுக்குப் பொருந்தவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். வேட்டி கட்டிவிட்டுத் தன் கதாபாத்திரம் என்று சொல்லியிருந்தால்தான் வேறு பேச்சு. ஒரு உருவத்தின் துணியை மனத்துக்குள் கழற்றிப் பாருங்கள், நிற்பது யார் என்று உடனே பேர் சொல்ல முடிந்தால் அது அந்தப் பேர்க்காரரின் கதாபாத்திரம்தான். 12ஆம் எண்ணில் பேர் சொல்ல முடியாததற்குக் காரணம் அந்தப் பை டோடோவுக்குப் புகழ் இல்லை என்பது மட்டுமே. புகழ் இல்லாதவரின் படத்தை எடுத்தால் கண்டுபிடிக்கக் கஷ்டம், சொந்தமாகிவிடாது.

15ஆம் எண் பகடி. கடைகளில் தொங்கும் அதே சிரிக்கிற குண்டு டோடோ, டீ-ஷர்ட் போட்டிருக்கிறது, டீ-ஷர்ட்டில் வெயிலில் சிவந்து சிரிக்கிற ஒரு சுற்றுலாப் பயணியின் முகம், கீழே விலைச்சீட்டு. நம்மைப் பொம்மையாக்கி விற்கிற பழக்கத்தைப் பறவையின் பக்கத்திலிருந்து திருப்பிக் காட்டியிருக்கிறார். "கடை டோடோவை அப்படியே எழுதியிருக்கிறார்" என்று நீங்கள் எழுதினீர்கள். ஆமாம், அப்படியே எழுதாவிட்டால் பகடி புரியாதே! மூலம் எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், பேச்சும் அந்த மூலத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் பகடி. மூலம் மறைந்திருந்தால், அல்லது மூலத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு ஏதோ வேடிக்கைக்காக ஒருவர் படத்தை எடுத்திருந்தால், பகடி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டப்படி பகடிக்கு எவ்வளவு இடம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் அச்சிடுவதற்கு முன் வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அந்தப் படத்தை வரைந்தவர் எதையும் ஒளிக்கவில்லை. கண்காட்சியில் பிள்ளைகள் அதன் முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள்.

மறுவரைவும் அதனளவில் தப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வரைகிறவர்கள் தங்கள் படம் ஒன்றைப் போட்டு "இதை உங்கள் பாணியில் வரையுங்கள்" என்று அழைப்பார்கள், நூறு பேர் வரைவார்கள், மூலக்காரரின் பேரைப் போடுவார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். என் மாணவர்களுக்கு நானே பிறர் படத்தைப் பார்த்து எழுதக் கொடுக்கிறேன், கை பழக வேறு வழியில்லை. 12ஆம் எண்ணை வரைந்தவருக்கு நல்ல கை இருக்கிறது, வேட்டி மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. அவர் ஏமாற்றத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. படிவத்தில் "எதைப் பார்த்து வரைந்தீர்கள்" என்று கேட்கிற இடமே இல்லை, கேட்டிருந்தால் ஒருவேளை அவரே சொல்லியிருப்பார்.

அதனால் கேட்கிறேன். படிவத்தில் அந்த இடத்தைச் சேருங்கள், பார்த்து வரைந்ததைச் சொன்னவருக்கு மதிப்பெண் குறையாது என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். பார்த்தது ஒன்றா பலவா என்பதும் அதில் தெரிந்துவிடும். ஐந்து இடத்திலிருந்து ஐந்து விஷயம் எடுத்தவர் பெரும்பாலும் வடிவமைக்கிறார், ஒரே படத்திலிருந்து ஐந்தையும் எடுத்தவர் மறுவரைவு செய்கிறார். கடைசிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் பின்பக்கத் தோற்றம் ஒன்று கேளுங்கள். ரசிகர் ஓவியத்துக்கும் பகடிக்கும் பரிசில்லாத ஒரு தனிச் சுவராவது கொடுங்கள்.

இந்த வருடத்துக்கு: 7ஆம் எண்ணின் மேல் போட்ட "பார்த்து எழுதியது" என்ற குறிப்பை எழுத்தில் திரும்பப் பெறுங்கள், அந்தப் பெண்ணுக்கும் அவள் பெற்றோருக்கும் அனுப்புங்கள், படத்தை மறுபடியும் மதிப்பிடுங்கள். அவள் நோட்டுப் புத்தகத்தை உங்களில் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம், கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. 12ஆம் எண்ணை வரைந்தவரை யாரும் பொதுவில் வைத்து விசாரிக்க வேண்டாம், தனியாகக் கூப்பிட்டு மூலப் படத்தைக் காட்டிக் கேளுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள்.

அதுவரை 12ஆம் எண்ணை இதழ் அட்டையிலோ பிள்ளைகளின் டீ-ஷர்ட்டிலோ போட வேண்டாம். அச்சகத்துக்குக் கோப்பு போகப்போகிறது என்று கேள்விப்பட்டேன். மூலப் படத்தை யாரோ காசு கொடுத்து முறையாகவே வாங்கியிருந்தாலும், படம் விற்கும் தளங்கள் பலவற்றின் உரிமத்தில் அதைச் சின்னமாக, லோகோவாகப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கும், இதழின் அடையாளக் கதாபாத்திரம் என்பது அதுதானே. எந்த மாலையானாலும் மடிக்கணினியோடு வந்து, மூன்று படங்களையும் உங்கள் கண்முன் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு நாள் சொல்லுங்கள்.